பட்டு ப்ளவுஸும் அக்குள் கறையும்: ஒரு தையல்காரியின் குறிப்புகள்

முகூர்த்த மாதம் நெருங்கினால் என் தையல்கடைக்குப் பழைய பட்டு ப்ளவுஸ்கள் வர ஆரம்பித்துவிடும். "அக்கா, அக்குள்கிட்ட மட்டும் நிறம் மாறிடுச்சு, சாயம் ஏத்தலாமா?" என்பதுதான் பெரும்பாலும் கேள்வி. அண்மையில் வந்தது ஒரு கிளிப்பச்சைப் பட்டு. கையில் ஆரி வேலை. கல்யாணத்தன்று ஒரே ஒரு தடவை போட்டு, அன்றிரவே மடித்து பீரோவில் வைத்தது. ஒரு வருஷம் கழித்து எடுத்தால், அக்குளில் பிறை மாதிரி பழுப்பு மஞ்சள். தையலோரம் லேசாக விரித்துப் பார்த்தேன், இழை பொடிந்து வந்தது.

இதைச் சாயத்தால் சரிசெய்ய முடியாது. வியர்வையின் உப்பு, டியோடரன்டில் உள்ள அலுமினிய உப்பு, உடம்பின் எண்ணெய்ப் பசை எல்லாம் ஈரத்தோடு துணியில் தங்கிவிடுகின்றன. நாளாக ஆக அவை சாயத்தையும் மாற்றும், பட்டு இழையையும் அரிக்கும். இஸ்திரிப் பெட்டியின் சூடு பட்டால் கறை இன்னும் நன்றாகப் பிடித்துக்கொள்ளும். நல்லவேளையாக அந்தப் பெண்ணின் அம்மா மிச்சத் துணியைப் பத்திரமாக வைத்திருந்தார். அக்குளில் கையும் உடம்பும் சேரும் இடத்தைப் பிரித்து, கெட்ட பகுதியை வெட்டிவிட்டு, இலை வடிவில் புதுத் துண்டு வைத்துத் தைத்தேன். கையைத் தூக்கினால்தான் தெரியும். ப்ளவுஸ் தைத்து மிஞ்சிய துண்டை டெய்லரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளச் சொல்வது இதற்காகத்தான்.

இது வராமல் இருக்க, முதலில் லைனிங்கைக் கவனியுங்கள். வழவழப்பாக இருக்கிறது என்று பாலியஸ்டர் கிரேப் லைனிங் கேட்பவர்கள் உண்டு. அது வியர்வையை உறிஞ்சாது, அப்படியே பட்டுக்குக் கடத்திவிடும். பருத்தி லைனிங்தான் சரி. அதையும் ஒருமுறை தண்ணீரில் அலசிக் காயவைத்த பிறகே வெட்ட வேண்டும். சுருக்கமும் முன்கூட்டியே வந்துவிடும், கஞ்சியும் போகும். கஞ்சி இருக்கும் துணி ஈரத்தைச் சரியாக வாங்காது. அக்குள் சுற்றை ரொம்ப இறுக்கித் தைத்தால் எந்த லைனிங்கும் உதவாது. துணி தோலோடு ஒட்டியே இருந்தால் காற்று எங்கே போகும்?

அடுத்தது ஸ்வெட் பேட். கடையில் கிடைக்கும் ஒட்டுகிற பேடைப் பட்டின்மேல் நேராக ஒட்டாதீர்கள், லைனிங்கில் மட்டும் ஒட்டுங்கள். பசை பட்டில் தங்கினால் அது தனிக் கறை. நான் தைத்துக் கொடுப்பது கழற்றித் துவைக்கிற மாதிரி. பல தடவை துவைத்து நைந்த பருத்தி வேட்டிதான் இதற்கு நல்ல துணி, புதுத் துணியைவிட நன்றாக உறிஞ்சும். மூன்று அடுக்காக இரண்டு பிறைத் துண்டுகள் வெட்டி, உள்வளைவில் ஒன்றோடொன்று இணைத்தால் ஒரு பக்கத்துக்கு ஒரு பேட் ஆகிவிடும். ஒரு துண்டு கைக்குள்ளே, மற்றது உடம்புப் பக்கம் படியும். உடம்புப் பக்கத் துண்டுக்கு 3 அங்குல அகலம் வைக்கலாம். கைப்பக்கம்தான் பலர் தவறு செய்யும் இடம். குட்டைக் கையில் அக்குளுக்குக் கீழே உள்ள நீளம் பெரும்பாலும் 2 அங்குலத்துக்கு மேல் இருக்காது. அதனால் ஒன்றரை அங்குலத்தோடு நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் கையைத் தூக்கும்போது எட்டிப் பார்க்கும். டிச் பட்டனை லைனிங்கின் தையலோரத்தில் வையுங்கள், பட்டில் ஊசி படக்கூடாது. கையில்லாத ப்ளவுஸுக்கு இது பாதிதான் பயன்படும்.

நிறத்தில் ஈரம் தெரிவது வேறு, கறை தெரிவது வேறு. சாம்பல், வான நீலம், வெளிர் ரோஸ், காக்கி ஆகியவற்றில் ஈரம் பளிச்சென்று காட்டிக்கொடுக்கும். வெள்ளையிலும் கறுப்பிலும் ஈரம் தெரியாது. ஆனால் வெள்ளை பிறகு மஞ்சளாகும், கறுப்பில் காய்ந்த உப்பு வெள்ளைக் கோடாக நிற்கும். கருநீலமும், பொடிப்பூ நெருங்கிய பிரின்டும்தான் இரண்டுக்கும் ஓரளவு ஈடுகொடுக்கும். நம்பிக்கை இல்லையென்றால், துணியின் வெட்டு ஓரத்தில், தையலுக்குள் மறையும் இடத்தில், ஈர விரலால் தொட்டுப் பாருங்கள். எவ்வளவு கறுக்கிறதோ அவ்வளவுதான் அக்குளிலும் தெரியும்.

ஆண்களின் வெள்ளைப் பருத்திச் சட்டைக்கு ஒரு வார்த்தை. அக்குள் மஞ்சளுக்கு ப்ளீச்சிங் பவுடர் போட்டால் மஞ்சள் இன்னும் ஏறுவதுண்டு. மருந்துக்கடையில் கிடைக்கும் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடில் சமையல் சோடாவைக் குழைத்துத் தடவி, அரை மணி நேரம் விட்டு அலசுங்கள். வண்ணச் சட்டைக்கும் பட்டுக்கும் இது கூடாது. பட்டு ப்ளவுஸை, போட்டுக் கழற்றிய இரவே உட்புறம் வெளியே வரத் திருப்பி, ஃபேன் காற்றில் உலரவிட்டு, டிரைகிளீனிங் கொடுக்கும்போது அக்குளை விரலால் தொட்டுக் காட்டிச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் வியர்வைக் கறை அப்படியே தங்கிவிடலாம். சாதாரண டிரைகிளீனிங் எண்ணெய்ப் பசையை எடுக்கும், உப்பை எடுக்காது.