சிவப்புக் கரை ஏன் கலங்கியது?

மருதமுனையில் கைத்தறி வைத்திருக்கும் காக்கா ஒருவருக்கு விற்பனைப் பக்கம் ஒன்று செய்து கொடுத்திருந்தேன். ஒரு வாரம் போகவில்லை, போன் வந்தது. "தம்பி, படம் வாறதுக்குள்ள பாக்கிற ஆக்கள் போயிருவாங்க போல."

பார்த்தால், போனில் எடுத்த பன்னிரண்டு சாறிப் படங்களை மகன் அப்படியே ஏற்றியிருக்கிறார். ஒவ்வொன்றும் 5 எம்பி அளவில். மொத்தம் 60 எம்பி, அதாவது 480 மெகாபிட். நொடிக்கு 8 மெகாபிட் வரும் இணைப்பில் படங்களுக்கு மட்டுமே ஒரு நிமிடம்.

அந்த 5 எம்பியில் பெரும்பகுதி யார் கண்ணிலும் படுவதில்லை. போன் எடுத்தது 4000 × 3000 புள்ளி, மொத்தம் 1 கோடி 20 இலட்சம். பார்ப்பவரின் போன் திரையின் அகலமோ பெரும்பாலும் 1080 புள்ளிதான். அந்த அகலத்துக்குச் சுருக்கினால் 1080 × 810, ஏறத்தாழ 8 இலட்சத்து 75 ஆயிரம் புள்ளி. பதின்மூன்றில் ஒரு பங்கு கூட இல்லை. கோப்பு வகையைப் பற்றி யோசிக்க முன் செய்ய வேண்டியது இதைத்தான்.

மகன் சுருக்கிப் பார்த்தார். வேகம் வந்தது, ஆனால் புதுப் பிரச்சினை. பச்சைச் சாறியின் ஒடுங்கிய சிவப்புக் கரை, தண்ணீரில் சாயம் போனதுபோல் பச்சைக்குள் கசிந்து நின்றது. சாயம் போகும் துணி என்று வாங்குபவர் நினைத்தால் வியாபாரம் என்னாவது?

காரணம் ஜேபெக் என்ற கோப்பு வகை வேலை செய்யும் விதம். அது முதலில் படத்தை வெளிச்சம், நிறம் என்று பிரிக்கிறது. நம் கண் வெளிச்ச வேறுபாட்டை நுணுக்கமாகப் பிடிக்கும். நிற வேறுபாட்டில் அவ்வளவு கூர்மை இல்லை. அதனால் பல மென்பொருள்கள் வெளிச்சத்தைப் புள்ளிக்குப் புள்ளி வைத்துக்கொண்டு, நிறத்தை மட்டும் நான்கு புள்ளிக்கு ஒன்றாகச் சராசரி எடுத்துவிடும். இதற்குப் பெயர் 4:2:0. முகம், வாவி, வானம் எல்லாவற்றிலும் இது தெரியவே தெரியாது. ஆனால் இந்தச் சாறியில் பச்சைக்கும் சிவப்புக்கும் வெளிச்சம் ஏறக்குறைய ஒன்று. இரண்டையும் பிரித்துக் காட்டுவது நிறம் மட்டுமே. அதைச் சராசரி ஆக்கினால் கரை கலங்கத்தானே செய்யும்?

வெப்பி என்ற கோப்பு வகை சிறியதாயிற்றே என்று கேட்கலாம். ஒரே தரத்தில் ஜேபெக்கைவிடச் சிறிய கோப்புத் தரும், உண்மை. ஆனால் இழப்புடன் சுருக்கும் வெப்பியில் 4:2:0 தவிர வேறு வழி இல்லை. பிஎன்ஜி எதையும் இழக்காது, ஆனால் நெசவு நிறைந்த புகைப்படத்தை எம்பிக் கணக்கில் ஊதிவிடும். அது சின்னம், எழுத்து போன்றவற்றுக்கு. ஆகவே கரைச் சாறிகளுக்கு ஜேபெக்கிலேயே நின்று, நிறத்தைக் குறைக்காத 4:4:4 வைத்தேன். கரையில்லாத ஒற்றை நிறச் சாறிகளுக்கு வெப்பி போதும். படங்களை மாற்றும் இமேஜ்மேஜிக் மென்பொருளில் கட்டளை இது:

```
magick IMG_4127.jpg -auto-orient -resize 1080x -sampling-factor 4:4:4 -quality 80 -strip maruthamunai-handloom-saree-red-border.jpg
```

`-strip` படத்தோடு ஒட்டிவரும் இடக் குறிப்பை நீக்கும். வீட்டில் வைத்து எடுத்த படம் என்றால் இது தேவை. ஆனால் போனை எந்தப் பக்கம் பிடித்தோம் என்ற குறிப்பும் சேர்ந்து போய்விடும். அதற்கு முன் `-auto-orient` போடாவிட்டால் சாறி பக்கவாட்டில் படுத்துக் கிடக்கும். நானும் ஒருமுறை அப்படி ஏற்றியவன்தான். முடிவில் அந்தப் படம் 270 கேபி, கரை கூர்மை.

பெயரையும் கவனித்திருப்பீர்கள். IMG_4127 என்பதிலிருந்து தேடுபொறிக்கு ஒன்றும் புரியாது. சொற்களைச் சிறு கோடு இட்டுப் பிரித்தால் ஒவ்வொன்றையும் தனிச் சொல்லாக எடுத்துக்கொள்ளும். தமிழிலேயே பெயர் வைக்கலாம், தவறில்லை. ஆனால் முகவரியில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் `%E0%AE%9A` போல ஒன்பது எழுத்தாக நீளும். "சேலை" மட்டுமே 36 எழுத்து. அதை வாட்ஸ்அப்பில் ஒட்டினால் யாருக்கும் வாசிக்க வராது. அதனால் கோப்புப் பெயரை ஆங்கில எழுத்தில் வைத்து, தமிழைப் படத்தின் விவரம் சொல்லும் `alt`-இல் எழுதினேன்:

```html
<img src="maruthamunai-handloom-saree-red-border.jpg"
 width="1080" height="810"
 alt="சிவப்புக் கரை வைத்த பச்சை நிற மருதமுனைக் கைத்தறிச் சாறி">
```

தேடலில் கோப்புப் பெயர் ஒரு சின்னத் துப்புதான். `alt`-உம் படத்தைச் சுற்றியுள்ள வரிகளும் அதைவிடக் கூடச் சொல்லும். ஆகவே ஏற்கெனவே தேடலில் வந்துகொண்டிருக்கும் பழைய படங்களின் பெயரை மாற்றப் போகாதீர்கள். முகவரி மாறினால் தேடுபொறிக்கு அது புதுப் படம், பழைய இணைப்பும் அறுந்துவிடும்.

காக்காவின் மகனிடம் ஒன்று மட்டும் கேட்டுக்கொண்டேன்: மூலப் படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பாமல் கோப்பாக அனுப்பச் சொல்லி. சாதாரணமாக வந்தால் அது வழியிலேயே ஒருமுறை சுருங்கி, கரை கலங்கித்தான் என்னிடம் வரும். அதன் பிறகு நான் 4:4:4 போட்டும் பயனில்லை.