‘100% மறுபயனீடு’: எதில் நூறு?

மறுபயனீட்டுத் தாளில் செய்த நோட்டுப் புத்தகத்தின் அட்டையில் ‘100%’ என்று அச்சடிப்பது சுலபம். அந்த நூறு எந்தப் பகுதிக்கு என்று சொல்வதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். ஏ5 அளவில் 80 தாள் கொண்ட கம்பி நோட்டு ஒன்றைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

ஏ0 தாளின் பரப்பு ஒரு சதுர மீட்டர். அதை 32 துண்டாக்கினால் ஏ5. ஆக, 80 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 80 கிராம் எடையுள்ள ஏ5 தாள் ஒன்று 2.5 கிராம், எண்பது தாள் 200 கிராம். முன்னும் பின்னும் 300 ஜிஎஸ்எம் அட்டை சேர்ந்து ஏறக்குறைய 19 கிராம். உள்தாள் முழுக்கப் பழைய தாளிலிருந்து வந்து, அட்டை மட்டும் புதிய மரக்கூழாக இருந்தால், கம்பியை விட்டுவிட்டுப் பார்த்தாலும் 91 விழுக்காடுதான் வருகிறது. மோசமான எண் இல்லை. ஆனால் நூறும் இல்லை. “உள்தாள் 100%, அட்டை புதிய கூழ்” என்று எழுதிவிட்டால் யாரும் குறை சொல்ல முடியாது.

‘பழைய தாள்’ என்பதிலும் இரண்டு வகை உண்டு. ஒன்று, அச்சகத்தில் வெட்டி ஒதுக்கிய, யார் கைக்கும் போகாத ஓரத்துண்டுகள். மற்றொன்று, வீட்டிலும் அலுவலகத்திலும் பயன்படுத்தி முடித்துத் திரட்டிய தாள். இரண்டாவதில் மை நீக்க வேண்டும், அழுக்கைப் பிரிக்க வேண்டும், வேலை கூடுதல். குப்பைக்குப் போகவிருந்ததை மீட்பதும் அதுதான். எந்த வகை என்று சிட்டையில் சொல்லாத நிறுவனத்திடம் கேட்டுப் பார்க்கலாம்.

அட்டையில் இன்னொரு சிக்கல். வழுவழுப்பாக இருந்தால் மூலையைச் சற்றே கிழித்துப் பாருங்கள். தாள் கிழிந்தபின் மெல்லிய படலம் இழுபட்டு நின்றால் அது பிளாஸ்டிக் பூச்சு. கூழாக்கும்போது அந்தப் படலம் தாளோடு கரையாது. முதுகில் பசை வைத்த நோட்டுகளில் சூட்டில் உருகும் பசை இருந்தால் தொல்லை அதிகம். துணுக்குகளாகி வடிகட்டியையும் தாண்டிப் போய், புதுத் தாளில் ஓட்டை விழ வைக்கும். கம்பியால் கட்டிய நோட்டை விரும்பக் காரணம் அழகு அல்ல, கம்பி முழுசாகக் கழன்று வருவதுதான்.

இவ்வளவையும் சேர்த்தால், சிங்கப்பூரில் விற்கும் நோட்டின் பின்னட்டையில் இப்படி நான்கு வரி போதும்:

உள்தாள்: 80 ஜிஎஸ்எம், முழுக்கப் பயன்படுத்திய தாளிலிருந்து.
அட்டை: 300 ஜிஎஸ்எம், புதிய கூழ், பிளாஸ்டிக் பூச்சு இல்லை.
கட்டு: இரட்டைக் கம்பி, பசை இல்லை.
முடிந்தபின்: கம்பியைக் கழற்றுங்கள். தாள், அட்டை, கம்பி மூன்றும் மறுபயனீட்டு நீலத் தொட்டிக்கு.

கழற்றும் முறை: இரட்டைக் கம்பியின் வாய் பெரும்பாலும் பின்னட்டைப் பக்கம் ஒளிந்திருக்கும். தட்டை மூக்குக் குறடால் ஒவ்வொரு வளையமாக வாயைச் சற்று அகட்டினால் தாள் மொத்தமாக வழுக்கி வரும். ஒற்றைச் சுருளாக இருந்தால் இரு முனையிலும் உள்ளே மடித்த கொக்கியில் ஒன்றை நிமிர்த்திவிட்டுத் திருகி எடுங்கள். கம்பியைத் துண்டு துண்டாக வெட்டாதீர்கள். சின்னத் துண்டுகள் தரம் பிரிக்கும் இடத்தில் தவறிப் போகலாம்.

தொட்டிக்கு அனுப்புமுன் எழுதாத பக்கங்களைத் தனியே எடுங்கள். இருபது முப்பது தாள் தேறினால் குறிப்புத் திண்டு ஒன்று ஆகிவிடும். துளை உள்ள ஓரத்தை வெட்டிச் சமப்படுத்தி, அடியில் பழைய அட்டையை வைத்து, இரண்டு பெரிய கிளிப்பால் இறுக்குங்கள். மேல் ஓரத்தில் வெள்ளைப் பசையை மெல்லியதாகப் பூசி, காய்ந்தபின் இன்னொரு பூச்சு. இங்குள்ள ஈரக்காற்றில் ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும் என்று நம்பாதீர்கள், இரவு முழுக்க விடுங்கள். பசையைத் தடிமனாக அப்பினால் ஓரம் அலைஅலையாக நெளியும். தாளின் இழை ஈரத்தை உறிஞ்சி உப்புவதே காரணம். கிளிப்பை அவசரப்பட்டு எடுத்தாலும் இதே கதிதான். இந்தப் பசை ஓரத்தைப் பிறகு தொட்டியில் போடும்போது ஒரு விரற்கடை அளவு வெட்டி எறிந்தால் போதும்.

எழுதிய தாளைப் போடும்போது நினைவில் வைக்க வேண்டியது ஈரம். சிங்கப்பூரின் நீலத் தொட்டியில் தாள், பிளாஸ்டிக், கண்ணாடி, உலோகம் எல்லாம் ஒன்றாகவே விழுகின்றன. யாரோ முழுசாகக் காலி செய்யாமல் போட்ட பானப் போத்தலின் மிச்சம், சுத்தமாகப் போட்ட நோட்டையும் நனைத்துவிடும். நனைந்து உணவு ஒட்டிய தாளைப் பிரித்து மீட்க வழியில்லை, எரியுலைக்குப் போகும். புளோக் வாசலுக்குப் பழைய பொருள் வாங்கும் காராங்குனி வரும் வழக்கம் உங்கள் பகுதியில் இருந்தால், செய்தித்தாள் கட்டோடு கொடுத்துவிடுங்கள். தாள் மட்டும் தனியாகப் போவதால் அது நனையும் வாய்ப்பு குறைவு. எண்ணெய் பட்ட பக்கம், சாம்பார் கறை படிந்த பக்கம் இருந்தால் அதை மட்டும் கிழித்துக் குப்பையில் போட்டுவிட்டு மீதியைக் கொடுங்கள்.