மெக்கானிக்கு மணிக்கு 15 ரிங்கிட், பில்லில் மட்டும் 55 ஏன்?

பிறையில் என் அத்தான் நடத்தும் கார் பட்டறையில் சனிக்கிழமை மதியங்களில் கணக்கு எழுதுவது என் வேலை. ஒருநாள் ஏர்கோன் கூலிங் காயில் மாற்றிய கார் ஒன்றுக்குப் பில் நீட்டினேன். கூலி மட்டும் 247 ரிங்கிட் 50 காசு. காரின் சொந்தக்காரர் காலையிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தவர். "தம்பி, அந்தப் பையனுக்கு மாசம் மூவாயிரம் வெள்ளி இருக்குமா? மணிக்குப் பதினஞ்சு கூட வராது. வேலையும் மூன்றரை மணி நேரத்துல முடிஞ்சது. நாலரை மணி நேரம்னு போட்டு, மணிக்கு அம்பத்தஞ்சு எதுக்கு?" என்றார்.

அவருடைய சம்பளக் கணக்கில் பெரிய பிழை இல்லை. வாரம் 45 மணி நேரம் என்றால் வருடத்துக்கு 2,340 மணி. 36,000 ரிங்கிட்டை அதால் வகுத்தால் மணிக்கு 15 ரிங்கிட் 40 காசு வரும். ஆனால் முதலாளி கொடுப்பது 3,000-த்தோடு நிற்பதில்லை. ஈபிஎஃப் 13 விழுக்காடு, அதாவது 390 ரிங்கிட். சொக்சோவும் வேலைக் காப்புறுதியும் சேர்ந்து இன்னொரு 58. ஆக மாதம் ஏறக்குறைய 3,450, வருடத்துக்கு 41,400.

பணம் இப்படிக் கூட, மணிகள் குறைகின்றன. சட்டப்படி 11 பொது விடுமுறை, இரண்டு வருடம் தாண்டியவருக்கு 12 நாள் ஆண்டு விடுப்பு, காய்ச்சல் தலைவலிக்கு ஓர் ஐந்து நாள். 28 நாள் போனால் 2,130 மணி மிச்சம். அந்த நேரமெல்லாம் ஆள் பட்டறையில் இருக்கிறார், ஆனால் அத்தனைக்கும் பில் போட முடிவதில்லை. ஸ்பேர்பார்ட்ஸ் கடைப் பையன் வரும்வரை காத்திருப்பது, தரை கழுவுவது, சத்தம் எங்கிருந்து வருகிறது என்று ஒரு சுற்று ஓட்டிப் பார்ப்பது, போன வாரம் செய்ததைத் திரும்பச் செய்வது எல்லாம் இலவசம். நான் ஒரு வருடப் பில்களைக் கூட்டிப் பார்த்ததில், எங்கள் பட்டறையில் விற்கப்படுவது நூற்றுக்கு 65 மணிதான். அதாவது ஓர் ஆளுக்கு வருடம் 1,385 மணி. 41,400-ஐ அதால் வகுத்தால் 30 ரிங்கிட். மெக்கானிக்கின் கையில் ஒரு காசும் கூடாமலே, 15 ரிங்கிட் 30 ஆகிவிட்டது.

மற்ற செலவுகளும் இதே மணிகளின் தலையில்தான் விழுகின்றன. வாடகை 4,200. மின்சாரம், தண்ணீர், தொலைபேசிக்கு 1,100. கவுண்டரில் இருக்கும் இருவருக்கு 4,800. கருவிகளுக்கு 1,500: இரண்டு தூண் லிஃப்ட், ஏர்கோன் கேஸ் இயந்திரம், வருடா வருடம் சந்தா கட்டவேண்டிய ஸ்கேனர் ஆகியவற்றின் தேய்மானம் இதில் அடங்கும். காப்புறுதி, லைசன்ஸ், பழைய எண்ணெயை அப்புறப்படுத்துவது என்று இன்னொரு 900. மாதம் 12,500, வருடம் ஒன்றரை லட்சம். மூன்று மெக்கானிக்குகள் விற்கும் 4,155 மணிக்குப் பங்கிட்டால், மணிக்கு 36. முப்பதோடு சேர்த்தால் 66.

அப்படியென்றால் 55 எப்படிக் கட்டுப்படியாகும்? பொருளில் கிடைக்கும் லாபம்தான் காரணம். எண்ணெய், ஃபில்டர், காயில் இவற்றில் வரும் லாபம் எங்கள் பட்டறையில் அந்த 36-இல் பாதியைத் தாங்கிக்கொள்கிறது. கூலியின் அடக்கம் 48-க்கு இறங்கும். அதன் மேல் 15 விழுக்காடு லாபம் வைத்தால் 55.

நாலரை மணி நேரம் எங்கிருந்து வந்தது என்பது வேறு கதை. கார் தயாரிப்பாளர்கள் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு நிலைநேரம் வைத்திருக்கிறார்கள். பயிற்சி பெற்ற ஒருவர், சரியான கருவிகளோடு, அவசரப்படாமல் செய்தால் எவ்வளவு ஆகும் என்று அளந்து எழுதுவது அது. அலகு ஒரு மணியில் பத்தில் ஒரு பங்கு, ஆறு நிமிடம். வாரண்டி வேலைக்கான நேரம் இறுக்கமாக இருக்கும், ஏனென்றால் பணம் கொடுப்பவரே அளக்கிறார், காரும் புதியது. பத்து வருடம் வெயில் குடித்த காரில் பிளாஸ்டிக் கிளிப் தொட்டாலே உடையும். அதனால் வெளிப் பட்டறைகள் கொஞ்சம் தாராளமாகக் கணக்கிடுகின்றன. அன்றைய காருக்கு எங்கள் அட்டையில் இருந்த நேரம் 4.5.

வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். கேஸை இயந்திரத்தில் உறிஞ்சி எடுத்து, டாஷ்போர்டை முழுதாகக் கழற்றி, புளோவர் பெட்டியைப் பிளந்தால்தான் காயில் கண்ணில் படும். ஓரத்தில் எண்ணெய்க் கறை பச்சையாகப் படிந்திருந்தது. ஏற்கெனவே சாயம் ஏற்றி, தண்ணீர் சொட்டும் குழாயில் ஊதா விளக்கடித்துக் கசிவை உறுதி செய்திருந்தார்கள். புதுக் காயிலைப் பூட்டிய பிறகு அரை மணி நேரம் வேக்குவம் ஓடவேண்டும், பிறகு எடை பார்த்து கேஸ் ஏற்றவேண்டும். கைதேர்ந்த பையன் 3.6 மணியில் முடித்தான். இதே வேலைக்கு, இதே மாதிரி காரில், போன மாதம் இன்னொருவருக்கு ஆறு மணி ஆனது. அந்த வாடிக்கையாளரும் 4.5-க்குத்தான் பணம் கட்டினார். நிலைநேரம் என்றால் வேகமும் தாமதமும் பட்டறையின் பாடு.

அந்த அரை மணி வேக்குவத்தில் மெக்கானிக் வேறு காருக்குப் போய்விடலாம். ஆனால் கார் நிற்கும் பே நகராது. எங்களிடம் மூன்று பே, மூன்று ஆள். டாஷ்போர்டைப் பிரித்த பிறகு தவறான காயில் வந்து சேர்ந்தால், ஓட்டிப்போக முடியாத கார் ஒரு நாள் முழுக்க பேயில் கிடக்கும். ஓர் ஆளுக்கு வேலை செய்ய இடம் இருக்காது. ஒரு நாளைக்கு விற்கக்கூடியது 4.9 மணி, 55-ஆல் பெருக்கினால் சுமார் 270 ரிங்கிட். அந்த வேலையின் மொத்தக் கூலியையே அது விழுங்கிவிடும். பொருள் கவுண்டருக்கு வந்து, பழையதன் எண்ணோடு ஒத்துப்பார்க்காமல் அத்தான் ஒரு திருகாணியையும் தொடவிடாததற்கு இதுதான் காரணம்.

பில்லில் ஏமாற்று இருக்கிறதா என்று பார்க்க, மணிக்கூலியை விட மணிகளின் பட்டியலைப் பாருங்கள். காயில் 4.5 மணி, எக்ஸ்பான்ஷன் வால்வு இன்னொரு 3 மணி என்று இருந்தால் கேள்வி கேட்கலாம். பல கார்களில் வால்வு காயிலிலேயே ஒட்டியிருப்பது, டாஷ்போர்டை ஒரே தடவைதான் கழற்றினார்கள். வால்வுக்குச் சில நிமிடக் கூலிதான் நியாயம். எப்போதாவது மட்டும் வரும் மின்சாரக் கோளாறைத் தேடுவதற்கோ நிலைநேரம் கிடையாது. அங்கே கடிகாரம் பார்த்துத்தான் கூலி, அல்லது முன்பே பேசிக்கொண்ட தொகை.

இதையெல்லாம் சொன்னதும் அவர் பணத்தைக் கட்டினார், முகம் மட்டும் தெளியவில்லை. மூன்று மாதம் கழித்து மனைவியின் காரோடு வந்தார், கையில் இணையத்தில் வாங்கிய காயில் பெட்டி. எங்கள் விலையை விட 70 ரிங்கிட் மலிவாம்.

"பூட்டித் தர்றேண்ணே, ஆனா கூலி 342," என்றார் அத்தான்.

பொருள் லாபம் இல்லையென்றால் 66-தான் அடக்கம், 15 விழுக்காடு சேர்த்தால் மணிக்கு 76. அதே 4.5 மணிக்கு 94 ரிங்கிட் 50 காசு கூடுதல். "இது ஒழுகுனா திரும்பக் கழட்டுற கூலியும் உங்களதுதான். நான் வாங்கிப் போட்டா அது என் பாடு," என்றும் சொன்னார். கார்க்காரர் பெட்டியைக் கவுண்டரில் வைத்துவிட்டு, கைத்தொலைபேசியில் பொருளைத் திருப்பி அனுப்பும் பக்கத்தைத் தேட ஆரம்பித்தார்.