‘உங்களுக்கு ஏற்கெனவே ஆதார் இருக்கிறது’ என்று பதில் வந்தால்

ஆதார் மையத்தில் பல வருடங்கள் மேற்பார்வையாளராக இருந்தவன் நான். ‘சார், அஞ்சு தடவை எடுத்தாச்சு, நம்பர் வரமாட்டேங்குது’ என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது ஒன்றுதான். பழைய ஒப்புகைச் சீட்டு இருக்கிறதா? பெரும்பாலும் இருக்காது. ஒரு கொத்தனார் அண்ணன் மட்டும் ஐந்து சீட்டையும் பிளாஸ்டிக் கவரில் போட்டு, ரேஷன் கார்டோடு ரப்பர் பேண்டு சுற்றிக் கொண்டுவந்தார். அவர் கதையைச் சொல்வதற்கு முன், சீட்டு கைக்கு வந்தபின் உள்ளே என்ன நடக்கிறது என்பதைப் பார்த்துவிடலாம்.

பதிவு மேசையில் நடப்பது எல்லோருக்கும் தெரியும். முதலில் பெயர், முகவரி. அப்புறம் வெள்ளைத் திரைக்கு முன்னால் முகம். பிறகு இடது கை நான்கு விரல், வலது கை நான்கு விரல், கடைசியாக இரண்டு கட்டைவிரலும் சேர்த்து. அதற்குப் பிறகு இரண்டு கருவிழி. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு முகம் மட்டும்தான். அதற்குக் கைரேகையும் கருவிழியும் ஐந்து வயது முடிந்ததும் ஒரு முறை, பதினைந்தில் மறுபடி ஒரு முறை எடுக்கவேண்டும். ரேகை சரியாக விழவில்லை என்றால் ஆபரேட்டர் ஈரத்துணியால் துடைத்துவிட்டு மறுபடி வைக்கச் சொல்வார். கடைசிவரை தரம் வராவிட்டால் இருப்பதில் நல்லதை எடுத்துக்கொண்டு மென்பொருள் மேலே போகவிடும். விரல் இல்லாதவர்களுக்கு விதிவிலக்கு என்று குறித்து, கைகள் தெரிய ஒரு படம் எடுக்கவேண்டும். முடிந்ததும் ஆபரேட்டர் தன் ரேகையை வைத்து ஒப்புதல் தருவார். மொத்தமும் பூட்டிய பொட்டலமாக மத்தியத் தரவு மையத்துக்குப் போகும். நாங்கள் அதைப் பாக்கெட் என்போம்.

அங்கே போன பாக்கெட் ஏற்கெனவே இருக்கிற அத்தனை பேரோடும் ஒப்பிடப்படுகிறது. ரேஷன் கடையில் நடப்பது வேறு. அங்கே நீங்கள் உங்கள் எண்ணைச் சொல்கிறீர்கள், உங்கள் ரேகை அந்த ஒரு பதிவோடு மட்டும் ஒப்பிடப்படுகிறது. புதுப் பதிவிலோ ‘இந்த ஆள் இதற்கு முன் எங்காவது இருக்கிறாரா’ என்ற கேள்விக்கு மொத்தக் குவியலையும் தேடவேண்டும்.

ஒரு விரலை இன்னொருவர் விரலோடு ஒப்பிட்டு, தப்பாக ‘ஒரே ஆள்’ என்று சொல்லும் வாய்ப்பு 10 லட்சத்தில் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். கேட்க நல்ல கணக்குதான். ஆனால் குவியலில் 100 கோடிப் பேர் இருந்தால், புதிதாக வரும் ஒவ்வொருவரையும் போல 1,000 பேர் அகப்படுவார்கள். பத்து விரலையும் இரண்டு கருவிழியையும் சேர்த்து எடுப்பது இதனால்தான். முகத்தை நம்பி இந்தத் தேடலைத் தொடங்கவில்லை என்பதற்கும் காரணம் இருக்கிறது. இரட்டையருக்கு முகம் ஒன்றாக இருக்கலாம், ரேகையும் கருவிழியும் ஒன்றாக இருக்காது.

இவ்வளவு செய்தும் பிழை மிஞ்சும். ஆதார் ஆணையமே 2012இல் வெளியிட்ட அறிக்கையில், 8.4 கோடிப் பேர் பதிவில் இருந்தபோது சோதித்த கணக்கு இருக்கிறது. முதல்முறையாக வருகிறவரைத் தப்பாக ‘ஏற்கெனவே இருக்கிறார்’ என்று காட்டும் விகிதம் 0.057 சதவீதம். இரண்டாவது தடவை எடுக்க வருகிறவரைக் கண்டுபிடிக்காமல் விடும் விகிதம் 0.035 சதவீதம். முதல் எண்ணை ஆளாக மாற்றிப் பாருங்கள். ஒரு நாளில் 10 லட்சம் பேர் பதிவு செய்தால் 570 பேர், ஒரு தவறும் செய்யாதவர்கள், மெஷின் கண்ணில் டூப்ளிகேட். அவர்களை மனிதர்கள் உட்கார்ந்து, இரண்டு பதிவின் படத்தையும் விவரத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து விடுவிக்கவேண்டும்.

குவியல் வளர வளர தப்பான பொருத்தமும் வளரும். மற்றதெல்லாம் மாறாமல் 120 கோடிக்குப் போனால் 0.057 என்பது 0.8 சதவீதத்தைத் தாண்டும் என்பது வெறும் பெருக்கல் கணக்கு. மென்பொருள் மேம்படும், எவ்வளவு ஒத்திருந்தால் ‘ஒரே ஆள்’ என்று ஏற்பது என்ற வரம்பை இறுக்கலாம் என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் தப்பான பொருத்தம் குறைய வரம்பை இறுக்கினால் உண்மையான டூப்ளிகேட் கூடுதலாகத் தப்பிவிடும். இரண்டும் ஒரே தராசின் இரண்டு தட்டு. தப்பியவர்களும் இருந்திருக்கிறார்கள். 2019 நவம்பர் வரை 4.75 லட்சத்துக்கும் மேற்பட்ட எண்கள் டூப்ளிகேட் என்று ரத்து செய்யப்பட்டதைத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை பதிவு செய்திருக்கிறது.

சரி, கொத்தனார் அண்ணனுக்கு வருவோம். அவரும் மனைவியும் 2013இல் ஊர்ப்பள்ளியில் நடந்த முகாமில் ஒரே நாளில் ஆதார் எடுத்தவர்கள். மனைவிக்கு எண் வந்துவிட்டது. அவருக்கு வரவில்லை, ரிஜெக்ட். அடுத்தடுத்து நான்கு இடத்தில் எடுத்தார், எல்லாம் அதே பதில். ‘உங்களுக்கு ஏற்கெனவே ஆதார் உள்ளது.’

“இல்லாத ஆதாரை நான் எங்க சார் போய்த் தேடுறது?” என்றார்.

கொத்தனார் என்றதும் நான் முதலில் சந்தேகப்பட்டது விரலை. சிமெண்டு தின்ற விரலில் கோடுகள் தேய்ந்து மழமழவென்று இருக்கும். ஆனால் தேய்ந்த ரேகைக்கு வரும் பிரச்சினை வேறு மாதிரி. ரேஷன் கடையில் ‘ரேகை விழலே’ என்பார்களே, அது. ஐந்து தடவையும் ஒரே மாதிரி டூப்ளிகேட் என்று வருவது தற்செயலான பொருத்தத்தின் குணமும் இல்லை. விரலை ஒவ்வொரு தடவையும் வேறு அழுத்தத்தில், வேறு கோணத்தில்தான் வைக்கிறோம். மயிரிழையில் நடந்த தப்புப் பொருத்தம் என்றால் ஒரு தடவையாவது நழுவியிருக்கும். இவ்வளவு உறுதியாகப் பிடிக்கிறது என்றால், அவருடைய உறுப்பு ஒன்று நிஜமாகவே வேறு யாருடைய பதிவிலோ உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

முதல் சீட்டைப் பார்த்தேன். சீட்டில் 14 இலக்கப் பதிவு எண்ணும், பக்கத்தில் தேதியோடு மணி, நிமிடம், நொடியும் இருக்கும். பதிவு எண்ணின் கடைசி ஐந்து இலக்கம் அந்த மெஷினின் வரிசை எண். மனைவியின் சீட்டையும் எடுத்துவரச் சொல்லி இரண்டையும் மேசையில் அருகருகே வைத்தேன். அடுத்தடுத்த வரிசை எண். ஒரே மெஷின், ஒரே ஆபரேட்டர், மனைவி முதலில், இவர் உடனே அடுத்து.

“அன்னைக்கு என்ன நடந்துச்சும்மா, ஞாபகம் இருக்கா?” என்று அந்தம்மாவிடம் கேட்டேன்.

“ரேகை எல்லாம் வச்சேன் சார். கண்ணு எடுக்கப்போற நேரத்துல வெளிய புள்ள அழுதுச்சு. எந்திரிச்சு ஓடிட்டேன். திரும்பி வந்தப்ப ‘முடிஞ்சுதும்மா, போங்க’ன்னுட்டாங்க.”

அந்தம்மா எழுந்த நாற்காலியில் அண்ணன் உட்கார்ந்திருக்கிறார். திரையில் இன்னும் அந்தம்மாவின் பதிவுதான் திறந்திருக்கிறது. ஆபரேட்டர் கருவிழிக் கேமராவை அண்ணன் கண்ணில் வைத்து எடுத்துவிட்டார். பிறகு புதுப் பதிவைத் திறந்து அண்ணனுக்கு எல்லாவற்றையும் முறையாக எடுத்தார். ஆக, மனைவியின் பாக்கெட்டில் முகமும் விரலும் அவருடையது, கண் புருஷனுடையது. அந்தப் பாக்கெட் முதலில் போய் எண் வாங்கிவிட்டது. பின்னால் போன அண்ணனின் கண்ணைக் குவியலில் தேடினால் மனைவியின் எண்ணில் அகப்படுகிறது.

இருவர் சம்மதத்தோடும் சோதித்தோம். மனைவியின் ஆதார் எண்ணைப் போட்டு அவர் கருவிழியை வைத்தால் பொருந்தவில்லை என்றது. அதே எண்ணுக்கு அண்ணன் கண்ணை வைத்தோம், பொருந்தியது. அந்தம்மா சிரித்துவிட்டார். அண்ணனுக்குச் சிரிப்பு வரவில்லை.

இதில் மெஷின் தப்பே செய்யவில்லை, கவனித்தீர்களா? இது 0.057 சதவீதக் கணக்கில் வருகிற பிழை இல்லை. இரண்டு பதிவில் இருக்கும் கண்ணும் ஒரே ஆளுடையது என்று அது சொன்னது முழு உண்மை. தப்பு நடந்தது நாற்காலியில். ஆனால் வெளியே வருகிற பதில் இரண்டுக்கும் ஒன்றுதான், ‘டூப்ளிகேட்’. என் ஆதங்கம் ஒன்று உண்டு. இரண்டு பதிவின் படத்தையும் யாராவது ஒருவர் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தால், ஒன்று ஆண், ஒன்று பெண் என்று முதல் தடவையே தெரிந்திருக்கும். நான்கு தடவை மனிதரை வெயிலில் நிற்கவைத்திருக்க வேண்டாம்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். பழுது மனைவியின் பதிவில் இருந்தும் அவருக்கு ஒரு தொந்தரவும் வரவில்லை. அவர் போகிற இடமெல்லாம் விரல்தான் வைக்கிறார். விரல் அவருடையது, எனவே எல்லாம் வேலை செய்தது. வலி முழுக்க இன்னொருவருக்கு. கலந்துபோன பதிவின் அடையாளமே இதுதான். ரிஜெக்ட் ஆகிறவரின் தாளை எவ்வளவு புரட்டினாலும் காரணம் கிடைக்காது. அன்று வரிசையில் அவருக்கு முன்னால் நின்றவரின் பதிவில் இருக்கும். அது பெரும்பாலும் மனைவி, அம்மா, அண்ணன், பிள்ளை என்று வீட்டு ஆளாகத்தான் இருக்கும், ஏனென்றால் முகாமுக்குக் குடும்பமாகத்தானே போகிறோம்.

திருத்தம் எந்த வரிசையில் நடக்கவேண்டும் என்பது முக்கியம். அண்ணனை ஆறாவது தடவை பதிவு செய்வதில் பயனில்லை, ஏழாவதிலும் இல்லை. முதலில் மனைவியின் பதிவு சுத்தமாகவேண்டும். இருவரின் சீட்டு எண்களையும் நேரத்தையும் குறிப்பிட்டு, நடந்ததை எழுதி 1947 உதவி எண்ணில் புகார் பதிந்தோம். கூடவே மண்டல அலுவலகத்துக்கு இருவரும் ஆவணங்களோடு நேரில் போனார்கள். மனைவிக்கு விரல், கண், முகம் மொத்தமும் புதிதாக எடுக்கப்பட்டது. அது ஏற்கப்பட்டு, அவர் எண்ணில் அவர் கண்ணே பொருந்துகிறது என்று பார்த்த பிறகுதான் அண்ணனை நாற்காலியில் உட்காரவைத்தேன். சில மாதம் இழுத்தது.

உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படிப் பதில் வந்தால், நீங்களே செய்யக்கூடியது கொஞ்சம்தான். மறுபடி மறுபடி எடுக்காதீர்கள். ‘நான் முடித்துத் தருகிறேன்’ என்று வெளியே நிற்கிற ஆளிடம் பணமும் கொடுக்காதீர்கள், அவரிடம் குவியலுக்குச் சாவி கிடையாது. அன்று கூடவே எடுத்தவர்களின் சீட்டுகளைத் தேடி எடுத்து நேரத்தை ஒப்பிடுங்கள். நிஜமாகவே மறந்துபோன பழைய ஆதார் ஒன்று இருக்கிறதா என்றும் யோசித்துப் பாருங்கள், அதுவும் நடப்பதுதான். அப்படி இருந்தால் முதலில் வந்த எண்தான் நிற்கும், பின்னால் வந்தது ரத்தாகும்.

பதிவு மேசையில் உங்கள் பக்கம் திரும்பிய திரை ஒன்று இருக்கும். பெயரில் எழுத்துப் பிழை பார்க்க என்று பலரும் நினைக்கிறார்கள். விரல், கண் எடுக்கும்போது அதில் யாருடைய முகம் இருக்கிறது என்று பாருங்கள். குழந்தை அழுது நடுவில் எழுந்தால், திரும்பி வந்ததும் ‘என் கண்ணை எடுத்தீங்களா?’ என்று கேளுங்கள். ஆபரேட்டர் முறைத்தால் முறைக்கட்டும்.

அண்ணனுக்கு ஆதார் வந்த அன்று மையத்துக்கு வந்தார். ஐந்து பழைய சீட்டையும் கிழித்துப் போட்டுவிடலாமா என்று கேட்டார். புது எண்ணின் சீட்டையும் சேர்த்து அதே கவரில் போட்டு வைக்கச் சொன்னேன்.