மாநாட்டு பட்ஜெட்டும் சாப்பாட்டு எண்ணிக்கையும்

நான் கணக்குத் தணிக்கை செய்யும் தொழில்சார் சங்கம் ஒன்று, ஒரு ஓட்டலில் இரண்டு நாள் ஆண்டு மாநாடு நடத்தியது. 300 பேர் வருவார்கள், 1,60,000 ரூபாய் மிஞ்சும் என்று பட்ஜெட் போட்டிருந்தார்கள். முடிவில் 2,16,000 ரூபாய் கையைக் கடித்தது. இத்தனைக்கும் யாரும் வீண்செலவு செய்யவில்லை.

மண்டப வாடகை, ஒலி, திரை, பேச்சாளர்களின் பயணம், தங்கல், அச்சு எல்லாம் சேர்ந்து 4 லட்சம். எத்தனை பேர் வந்தாலும் இது மாறாது. தலைக்கு ஆகும் செலவு வேறு. இரண்டு மதியச் சாப்பாடு, ஓர் இரவு விருந்து, தேநீர் இடைவேளைகள் சேர்த்து 2,500. ஓட்டல் சொல்லும் விலையில் பெரும்பாலும் ஜிஎஸ்டி இருக்காது. 18 சதவீதம் சேர்த்தால் 2,950. பை, அடையாள அட்டைக்கு 350. ஆக 3,300. பதிவுக் கட்டணமோ 3,500தான். அதாவது ஓர் உறுப்பினர் வந்தால் அந்த 4 லட்சத்துக்கு மிஞ்சுவது வெறும் 200 ரூபாய். மீதி முழுவதும் ஸ்பான்சர்களை நம்பி நின்றது.

ஸ்பான்சர்கள் வாய்வார்த்தையாகச் சொன்ன தொகை 5 லட்சம். வந்தது 3,10,000. உறுப்பினர்கள் வந்ததும் 230 பேர்தான். பைகளை முன்கூட்டியே 300 பேருக்கு வாங்கிவிட்டார்கள். ஓட்டலிடம் 280 சாப்பாட்டுக்கு மினிமம் கேரண்டி கொடுத்துக் கையெழுத்தும் போட்டிருந்தார்கள். பேச்சாளர்கள், ஸ்டால் ஊழியர்கள், தன்னார்வலர்கள் என்று கட்டணம் கட்டாமல் சாப்பிட்டவர்கள் 40 பேர். அவர்களைச் சேர்த்தும் 270தான். சாப்பிடாத 10 பேருக்கும் பில் வந்தது. அந்த 40 பேரின் சாப்பாடு 1,18,000 ரூபாய், பட்ஜெட்டில் எந்த வரியிலும் இல்லை. நான் பார்க்கும் பட்ஜெட்டுகளில் அதிகம் விடுபடுவது இதுதான்.

அடுத்த ஆண்டுக்கு உட்கார்ந்து வேறு மாதிரி போட்டோம். மாறாத செலவு 4 லட்சத்தோடு இலவசச் சாப்பாட்டையும் சேர்த்தால் 5,18,000. ஸ்பான்சர் வரவில், எழுத்துப்பூர்வமாக உறுதியாகி முன்பணமும் வந்தவர்களை மட்டும் எடுத்துக்கொண்டோம்: 2 லட்சம். மீதி 3,18,000. இதை 300ஆல் வகுக்கவில்லை. முந்தைய வருகையைவிடக் கொஞ்சம் குறைத்து 220ஆல் வகுத்தோம். தலைக்குச் சுமார் 1,445. அதோடு 3,300 சேர்த்து, கட்டணத்தை 4,750 என்று வைத்தோம். செயலாளர் தயங்கினார். "இவ்வளவு ஏத்தினா யார் சார் வருவாங்க?" நியாயமான பயம்தான். அதனால் இரவு விருந்தைத் தனிக் கட்டணமாகப் பிரிக்கலாம் என்று முடிவானது. விருந்து வேண்டாதவருக்கு, அதன் விலையான 900 ரூபாயும் வரியும் குறையும்.

அப்புறம் ஓட்டல் ஒப்பந்தம். 220 உறுப்பினரும் 40 விருந்தினரும் சேர்ந்தால் 260. நாங்கள் கேரண்டி கொடுத்தது 235க்கு. கூடுதலாக வருபவர்களுக்கும் அதே விலை, இறுதி எண்ணிக்கையை மூன்று நாள் முன்பு சொன்னால் போதும் என்று கேட்டோம். முதலில் மறுத்த ஓட்டல், முன்பணத்தைச் சற்றுக் கூட்டியதும் இரண்டுக்கும் ஒப்புக்கொண்டது.