நைட்ரஜன் சுழற்சிப் படத்தில் தண்ணீர் மட்டம் இல்லை

பள்ளிப் பாடப்புத்தகத்தில் வரும் நைட்ரஜன் சுழற்சிப் படம் பலருக்கும் நினைவிருக்கும். மேலே மேகம், ஓரமாக ஒரு மாடு, நடுவில் ஒரு பயறுச் செடி, அவற்றைச் சுற்றி அம்புகள். தேர்வுக்கு அம்புகளின் பெயரை மனப்பாடம் செய்தோம். ஆனால் அந்தப் படம் ஒரு வயலில் என்ன நடக்கிறதென்று சொல்லக்கூடியது. இராமநாதபுரம் மாவட்டத்தில் திருவாடானை, ஆர்.எஸ். மங்கலம் பக்கத்து மானாவாரி நெல் வயலில் அதை வைத்துப் பார்த்தால் எந்த அம்பு எப்போது ஓடுகிறது, எப்போது நிற்கிறது என்பது தெரியும்.

முதலில் வாசிக்கும் முறை. படத்திலுள்ள பெட்டி ஒவ்வொன்றும் நைட்ரஜனின் ஒரு வடிவம்: காற்றிலுள்ள N2, மண்ணிலுள்ள அம்மோனியம், நைட்ரைட், நைட்ரேட், உயிர்களின் உடம்பிலுள்ள புரதம். அம்பு ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் செய்யும் வேலை. பெரும்பாலும் அந்த யாரோ ஒரு பாக்டீரியா. அது செடிக்கு உதவுவதற்காக அதைச் செய்வதில்லை. தன் பிழைப்புக்காகச் செய்கிறது. ஆகவே ஒவ்வொரு அம்பிடமும் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு: இதனால் அந்த பாக்டீரியாவுக்கு என்ன கிடைக்கிறது? அதற்கு ஆக்சிஜன் வேண்டுமா, வேண்டாமா? வயலில் முக்கியமானது இரண்டாவது கேள்விதான். அதற்கான பதிலைப் படம் காட்டுவதே இல்லை. எல்லா அம்புகளும் எந்நேரமும் ஒன்றாக ஓடுவதுபோல் வரைந்து வைத்திருப்பார்கள்.

புரட்டாசியில் புழுதி உழவு செய்து, காய்ந்த மண்ணிலேயே நெல்லை விதைத்துவிட்டு மழைக்குக் காத்திருப்பது இந்தப் பக்கத்து வழக்கம். கோடை முழுக்க வெந்து கிடந்த மண்ணில் முதல் மழை விழுந்ததும் நுண்ணுயிர்கள் திடீரென்று வேகம் எடுக்கின்றன. வெயிலில் செத்துப்போன நுண்ணுயிர்களின் உடல், பழைய வேர், ஆட்டுக்கிடை போட்ட வயலாக இருந்தால் அந்தப் புழுக்கை எல்லாவற்றையும் தின்று, மிஞ்சும் நைட்ரஜனை அம்மோனியமாக வெளியே விடுகின்றன. புரதப் பெட்டியிலிருந்து அம்மோனியத்துக்குப் போகும் அம்பு இதுதான்.

மண் ஈரமாக இருக்கிறது, ஆனால் இன்னும் தண்ணீர் நிற்கவில்லை. துகள்களுக்கு நடுவே காற்று இருக்கிறது. நைட்ரோசோமோனாஸ் போன்றவை அம்மோனியத்தை ஆக்சிஜனோடு சேர்த்து நைட்ரைட்டாக்குகின்றன. நைட்ரோபாக்டர் போன்றவை நைட்ரைட்டை நைட்ரேட்டாக்குகின்றன. அதில் பிறக்கும் ஆற்றல்தான் அவற்றுக்குச் சாப்பாடு. இவை இரண்டும் வெவ்வேறு உயிர்கள் செய்யும் வேலை என்று 1890 வாக்கில் காட்டியவர் செர்கேய் வினோகிராட்ஸ்கி. படத்தில் இரண்டு அம்புகள் இருப்பதற்கு அவரே காரணம் எனலாம். இரண்டையும் தனியாளாகச் செய்து முடிக்கும் பாக்டீரியாவும் உண்டு என்பது 2015-இல்தான் வெளிவந்தது.

அம்மோனியத்துக்கு நேர்மின்னூட்டம், களிமண் அதைப் பிடித்துவைத்துக்கொள்ளும். நைட்ரேட்டுக்கு எதிர்மின்னூட்டம், அது மண்ணில் ஒட்டாமல் தண்ணீரோடு போகும். முளைவிட்ட நெல்லோ இன்னும் விரல் உயரம்தான் இருக்கிறது, வேரும் சிறியது. நைட்ரேட் குவிகிறது, எடுத்துக்கொள்ள ஆளில்லை.

இப்போது வடகிழக்குப் பருவமழை வலுக்கிறது. கண்மாய் பெருகி, மடை திறந்து, வயலில் தண்ணீர் நிற்கிறது. தண்ணீருக்குள் ஆக்சிஜன் மிக மெதுவாகத்தான் இறங்கும். மண்ணில் மிச்சமிருந்ததை நுண்ணுயிர்கள் சீக்கிரமே தீர்த்துவிடுகின்றன. மேலே சில மில்லிமீட்டர் போக, கீழே ஆக்சிஜன் இல்லை. நைட்ரேட்டாக்கும் அம்பு அங்கே நின்றுவிடுகிறது. இன்னோர் அம்பு கிளம்புகிறது. சூடோமோனாஸ் போன்ற பல பாக்டீரியாக்கள் ஆக்சிஜன் இருந்தால் அதைச் சுவாசிக்கும். இல்லாவிட்டால் நைட்ரேட்டைச் சுவாசிக்கும். அப்படிச் சுவாசித்து முடித்த நைட்ரேட், படிப்படியாக நைட்ரஸ் ஆக்சைடு, N2 என்ற வாயுக்களாகிக் காற்றுக்கே திரும்புகிறது.

எவ்வளவு போகும்? ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு கிலோ மண்ணில் 10 மில்லிகிராம் நைட்ரேட்-நைட்ரஜன் சேர்ந்திருந்தது என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஹெக்டேரில் மேல்மண் 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஏறத்தாழ 20 லட்சம் கிலோ எடை வரும். அப்படியானால் ஹெக்டேருக்கு 20 கிலோ, ஏக்கருக்கு 8 கிலோ நைட்ரஜன். யூரியாவில் நைட்ரஜன் 46 சதவீதம் என்பதால், இது ஏக்கருக்குச் சுமார் 17 கிலோ யூரியாவுக்குச் சமம். 45 கிலோ மூட்டையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். தண்ணீர் கட்டிய பிறகு இதில் பெரும்பகுதி புகையில்லாமல், வாசனையில்லாமல் போய்விடும். N2-ஆகப் போனால் நைட்ரஜன் வீண் என்பதோடு முடியும். நைட்ரஸ் ஆக்சைடாகப் போகும் சிறு பகுதிக்கோ கார்பன் டை ஆக்சைடைவிட ஏறத்தாழ 270 மடங்கு வெப்பம் பிடிக்கும் திறன் உண்டு.

போனதை எப்படி அறிவது? சேற்றில் குமிழி வருகிறதே என்பார்கள். அதை நம்ப முடியாது, நிறைய நாள் நின்ற தண்ணீரில் வருவது மீத்தேனாகவும் இருக்கும். மண்ணின் நிறமும் மணமும் மேலான சாட்சிகள். ஆக்சிஜனுக்கு அடுத்தபடியாக பாக்டீரியாக்கள் நைட்ரேட்டைத்தான் தீர்க்கும்; பிறகு இரும்பு, அதற்கும் பிறகு சல்பேட். ஆகவே சேறு கறுத்து அழுகிய முட்டை நாற்றம் அடித்தால், அந்த இடத்தில் நைட்ரேட் எப்போதோ முடிந்துவிட்டது என்று பொருள். பயிரில், அடியிலுள்ள முதிர்ந்த இலைகள் முதலில் வெளிறும். செடி நைட்ரஜனைப் பழைய இலையிலிருந்து உருவிப் புது இலைக்கு அனுப்புவதால். புது இலை முதலில் வெளிறினால் வேறு சத்துக் குறைவைத் தேட வேண்டும்.

இதிலிருந்து உரம் வைக்கும் நேரமும் தெரிகிறது. புழுதியில் மொத்த யூரியாவையும் கொட்டினால் அது அம்மோனியமாகி, நைட்ரேட்டாகி, வெள்ளம் வந்ததும் பறக்கும். நின்ற தண்ணீரின்மேல் வீசினாலும் ஆபத்து வேறு வழியில் வரும்: பகல் வெயிலில் பாசி தண்ணீரின் காரத்தன்மையைக் கூட்டும், கடற்காற்று அம்மோனியாவை அள்ளிக்கொண்டு போகும். தண்ணீரை வடித்து, சேற்றோடு கலக்கும்படி வைத்துவிட்டு மறுபடி தண்ணீர் கட்டினால் அம்மோனியம் ஆக்சிஜன் இல்லாத அடுக்கில் அம்மோனியமாகவே தங்கும். பல தவணையாகப் பிரித்து வைப்பதற்கும் இதே காரணம்தான்.

ஆனால் சேற்றுக்குள்ளும் ஒரு விதிவிலக்கு. நெல் தன் தண்டின் காற்றுக்குழாய்கள் வழியாக வேருக்கு ஆக்சிஜன் இறக்குகிறது. பிடுங்கிய வேரில் துருப்போலப் பழுப்புப் பூச்சு தெரிகிறதே, அது அந்த ஆக்சிஜன் இரும்போடு சேர்ந்ததன் அடையாளம். அந்த மெல்லிய உறையில் அம்மோனியம் நைட்ரேட்டாகிறது. ஒரு மில்லிமீட்டர் தள்ளி அதே நைட்ரேட் வாயுவாகிறது. படத்தில் எதிரெதிர் மூலையில் இருக்கும் இரண்டு அம்புகள் வயலில் இவ்வளவு பக்கத்தில் இருக்கின்றன.

நெல்லுக்குப் பின் ஈரத்தில் உளுந்து விதைத்தால், வேர் முடிச்சிலுள்ள பாக்டீரியா வழியாகக் காற்றிலிருந்து நைட்ரஜன் இறங்கும் அம்பு ஓடும். வேர் முடிச்சை நகத்தால் கிள்ளிப் பார்த்து, உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் பாக்டீரியா வேலை செய்கிறது. பச்சையாகவோ வெளிறியோ இருந்தால் இல்லை. படத்தில் முடிச்சிலிருந்து மண்ணுக்கு ஒரு தடித்த அம்பு போட்டிருப்பார்கள். அது கொஞ்சம் மிகை. கிடைத்த நைட்ரஜனில் பெரும்பங்கு பருப்போடு களத்துக்குப் போகிறது. செடியை வேரோடு பிடுங்கினால் முடிச்சும் கூடவே போகிறது. அறுத்தெடுத்து வேரையும் உதிர்ந்த இலையையும் விட்டால்தான் மண்ணுக்கு ஏதாவது மிஞ்சும்.

வயலிலிருந்து வழிந்த நைட்ரேட் ஓடைகளில் இறங்கி, காரங்காடு அலையாத்தி போன்ற சேற்றுப் பகுதிகள் வழியாகப் பாக் விரிகுடாவுக்குப் போகிறது. அங்கேயும் வாயுவாகும் அம்பு உண்டு. ஆனால் கந்தகம் மிகுந்த, உணவு நிறைந்த கடற்சேற்றில் சில பாக்டீரியாக்கள் நைட்ரேட்டை வாயுவாக்காமல் நேராக அம்மோனியமாகவே மாற்றிவிடுகின்றன. அப்போது நைட்ரஜன் வெளியேறாமல் சேற்றிலேயே தங்கி, பாசிக்கும் கடற்புல்லுக்கும் கிடைக்கிறது. பாடப்புத்தகப் படங்கள் பெரும்பாலானவற்றில் இந்த அம்பு இருக்காது. நைட்ரேட் பெட்டியிலிருந்து அம்மோனியம் பெட்டிக்குப் பென்சிலால் நாமே ஒன்று போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.