'டிட்' வந்த பிறகு 'வென்ட்' எதற்கு?

'டிட் யூ வென்ட்?' என்று எழுதினால் ஆசிரியர் சிவப்பு மையால் 'வென்ட்'டை அடித்துவிட்டு 'கோ' என்று எழுதுவார். 'டிட் வந்தால் வினையின் முதல் வடிவம்தான் வர வேண்டும்' என்பது விதி. விதி சரிதான், ஆனால் காரணம் சொல்லாத விதி பேசும் அவசரத்தில் நினைவுக்கு வருவதில்லை.

காரணம் இது: ஆங்கில வாக்கியத்தில் காலம் ஒரே இடத்தில்தான் உட்காரும். கேள்வி கேட்க, காலத்தைச் சுமக்கும் சொல்லை எழுவாய்க்கு முன்னால் கொண்டுவர வேண்டும். 'ஹி இஸ் கமிங்' என்பதில் அந்தச் சொல் 'இஸ்'. அதை முன்னே நகர்த்தினால் 'இஸ் ஹி கமிங்?' என்று கேள்வி தயார். 'ஹி கேன் ஸ்விம்' என்பதும் அப்படியே. ஆனால் 'ஹி வென்ட்' என்பதில் துணைவினையே இல்லை. முக்கிய வினைதான் காலத்தையும் சுமக்கிறது. இன்றைய ஆங்கிலமோ முக்கிய வினையை முன்னே நகரவிடாது.

முன்பு விட்டது. ஜெர்மன் இன்றும் விடுகிறது, 'போகிறாய் நீ?' என்று வினையையே முன்னால் வைத்துக் கேட்கிறார்கள். 1611இல் அச்சான ஆங்கில பைபிளில் 'அவர்கள் அறியார்கள்' என்பது 'தே நோ நாட்' என்றுதான் இருக்கிறது, 'டு நாட் நோ' என்று இல்லை. 'டு' போட்டும் போடாமலும் எழுதும் வழக்கம் அந்தக் காலத்தில் நெடுநாள் பக்கம்பக்கமாக ஓடியது. பிறகு முக்கிய வினை நகரும் சுதந்திரத்தை இழந்தது.

சரி, வினை நகராது, காலம் நகர்ந்தாக வேண்டும். காலம் வெறும் விகுதி, தனியாக நிற்காது. அதைத் தூக்கிக்கொள்ளத்தான் 'டு' வருகிறது. இந்த 'டு'வுக்குப் பொருள் எதுவும் இல்லை, வெறும் சுமைதூக்கி. மொழியியலாளர் நோம் சாம்ஸ்கி 1957இல் இந்த ஏற்பாட்டை விதியாக எழுதிக் காட்டினார்.

'ஹி கோஸ்' என்பதை எடுத்துக்கொள்வோம். 'கோ'வும் 'ஸ்' விகுதியும் அதில் இருக்கின்றன. கேள்வியில் 'ஸ்' முன்னே போய் 'டு'வோடு ஒட்டி 'டஸ்' ஆகிறது. பின்னால் மிஞ்சுவது வெறும் 'கோ': 'டஸ் ஹி கோ?' எனவே 'டஸ் ஹி கோஸ்?' என்றால் ஒரே விகுதியை இரண்டு இடத்தில் ஒட்டிவிட்டோம் என்று அர்த்தம். 'வென்ட்' இதைவிட வம்பு. அதில் காலம் எங்கே ஒட்டியிருக்கிறது என்று கண்ணுக்கே தெரியாது, ஒரே கட்டியாக இருக்கிறது. பிரித்தால் 'கோ'வும் இறந்தகாலமும். இறந்தகாலம் 'டிட்'டுக்குப் போய்விட்டால் மிச்சம் 'கோ'தான். எதிர்மறையிலும் இதே கதை. நடுவில் 'நாட்' வந்து விகுதியை வினையிடமிருந்து பிரித்துவிடுகிறது, அதனால் 'டிட் நாட் கோ'.

தமிழ் பேசுகிறவருக்கு இது முற்றிலும் புதிய வித்தையும் அல்ல. 'போனான்' என்பதன் எதிர்மறை 'போகவில்லை'. 'போனான் இல்லை' என்று நாம் சொல்வதில்லை, வினை காலத்தையும் விகுதியையும் உதறிவிட்டு 'போக' என்று நிற்கிறது. கேள்வியில்தான் தமிழ் வேறு வழியில் போகிறது. 'போனான்' அப்படியே இருக்க, கடைசியில் 'ஆ' ஒட்டி 'போனானா?' என்கிறோம். 'டிட்'டை இந்த 'ஆ' போல வெறும் கேள்விக்குறியாக நினைத்தால், 'ஹி வென்ட்' முன்னால் 'டிட்' வைத்தாலே போதும் என்று தோன்றும். அதற்காக எல்லாப் பழியையும் தமிழ்மேல் போட முடியாது. ஆங்கிலமே தாய்மொழியான சின்னக் குழந்தைகளும் 'ஐ டிடின்ட் ப்ரோக் இட்' என்ற மாதிரி சொல்வதுண்டு. காலத்தை இரண்டு முறை போடும் சறுக்கல் அந்த அமைப்பிலேயே இருக்கிறது.

சில வினைகளில் தவறு செய்தாலும் தெரியாது. 'கட்', 'புட்' இரண்டுக்கும் இறந்தகால வடிவமும் முதல் வடிவமும் ஒன்றே. 'ரீட்' எழுத்தில் தப்பித்துவிடும், வாயில் மாட்டிக்கொள்ளும். 'டிட் யூ ரீட் இட்?' சரி, 'டிட் யூ ரெட் இட்?' தவறு. நன்றாக ஆங்கிலம் பேசுகிறவர்களிடமும் நான் அடிக்கடி கேட்பது 'டஸ் ஹி ஹேஸ்', 'டிடின்ட் ஹேட்'. 'ஹேஸ்', 'ஹேட்' இரண்டும் துணைவினையாகவும் வருவதால் அவற்றுக்குள்ளும் காலம் ஒளிந்திருப்பது மறந்துபோகிறது. 'டஸ் ஹி ஹேவ்', 'டிடின்ட் ஹேவ்' என்பதே சரி.

அப்புறம், கேள்வி என்றாலே 'டிட்' என்று நினைத்துவிடவும் கூடாது. 'யார் போனது?' என்பதற்கு 'ஹூ வென்ட்?' போதும். இங்கே 'ஹூ'தான் எழுவாய். அது ஏற்கெனவே முன்னால் இருக்கிறது, காலத்துக்கும் வினைக்கும் நடுவே எதுவும் புகவில்லை. அதனால் 'வென்ட்' தன் காலத்தைத் தானே வைத்துக்கொள்கிறது. 'யாரைப் பார்த்தாய்?' என்றால் எழுவாய் 'யூ', அது குறுக்கே வருகிறது. உடனே 'டிட்' வந்துவிடும்: 'ஹூ டிட் யூ ஸீ?'